ரெடிமேட் பேக்கைவிட நானே தேர்ந்த பேக் 2 ரூபாய் 36 காசு அதிகமானது எப்படி?

அனுப்புநர்:
உங்கள் டிஷ் வாடிக்கையாளர்,
சேரன்மகாதேவி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
நோடல் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: சேனல் விலை போக இணைப்புக்காக மாதாமாதம் வாங்கும் என்.சி.எஃப். கட்டணம், பேக் மாற்றிய பிறகு சொல்லாமல் ஏற்றப்பட்டது குறித்து.

ஐயா,

திருநெல்வேலி டவுனில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் உங்கள் டிஷ் மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை மழைக்குப் படம் நின்றதற்குக்கூட நான் உங்களைக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதுவது முழுக்க முழுக்கக் கணக்கு விஷயம்.

எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது உங்களுடைய தமிழ்க் குடும்ப பேக். சேனல்களுக்கு 140 ரூபாய், என்.சி.எஃப். 130 ரூபாய், ஆக 270. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 48 ரூபாய் 60 காசு சேர்ந்து, 30 நாளைக்கு 318 ரூபாய் 60 காசு. கட்டணச் சேனல்கள் மட்டுமே அறுபதுக்கு மேல். அதில் எத்தனை பார்க்கிறோம் என்ற சந்தேகம் வந்து, ஆனித் தேரோட்டம் முடிந்த மறுவாரம் டிவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். யார் எந்தச் சேனல் போட்டாலும் அதில் ஒரு கோடு போட வேண்டும். பதினைந்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் கோடு விழுந்த கட்டணச் சேனல்கள் எட்டே எட்டு. அம்மா மட்டும் நோட்டைப் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏ ஐயா, மூணு மணிக்கு ஓடுத நாடகத்த மட்டும் எடுத்துராதய்யா" என்றார். எடுக்கவில்லை.

அந்த எட்டையும் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டினேன். நிறுவனங்களின் பெயர் இங்கே எதற்கு, ஒன்று, இரண்டு என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் ஒளிபரப்பு நிறுவனத்தில் நான்கு சேனல்: பொதுச் சேனல் 19, படச் சேனல் 19, சிரிப்புச் சேனல் 6, பையனுக்கான கார்ட்டூன் 6. மொத்தம் 50. இரண்டாவது நிறுவனத்தில் ஒரே ஒரு சேனல், 19. மூன்றாவதில் அம்மாவின் மூணு மணி நாடகம் வரும் சேனல் 19, இன்னொன்று 8, ஆக 27. நான்காவதில் ஒரு விளையாட்டுச் சேனல், 19. எல்லாம் சேர்த்து 115 ரூபாய். எங்கே திரும்பினாலும் 19 நிற்கிறதே என்று பார்த்தால், 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கக்கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதனால்தான் ஓடுகிற சேனல் எல்லாம் அந்தக் கோட்டிலேயே வந்து நிற்கிறது.

சரி, தனித்தனியாக வாங்குவதுதான் மலிவு என்று அதோடு விட்டிருந்தால் மூன்று ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் சேனல்களைத் தாங்களே தொகுத்தும் விற்கின்றன. தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 45 சதவீதம் வரை அவர்கள் தள்ளுபடி தரலாம். அதனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும்: எனக்கு வேண்டிய சேனல்களின் தனி விலைக் கூட்டல் ஒரு பக்கம், அவை அத்தனையும் அடங்கிய சின்னத் தொகுப்பின் விலை மறு பக்கம். மூன்றாவது நிறுவனத்தின் ஆறு சேனல் தொகுப்பு 24 ரூபாய். நான் கேட்ட இரண்டுக்கே 27. ஆகவே அங்கே தொகுப்புதான் லாபம், வேண்டாத நான்கு சேனல் வந்தாலும் வரட்டும். இரண்டாவது நிறுவனத்தின் தொகுப்பு 32. எனக்கு வேண்டியது 19 ரூபாய்ச் சேனல் ஒன்றுதான், அதனால் அங்கே தனிச் சேனல். முதல் நிறுவனத்தின் ஒன்பது சேனல் தொகுப்பு 50 ரூபாய், எனக்கு வேண்டிய நான்கும் 50 ரூபாய். சிரிப்புச் சேனல் வேண்டாம் என்றிருந்தால் தனித்தனியாக 44-இல் முடிந்திருக்கும். நான்காவது சேனல் தொற்றிக்கொண்டதும் தொகுப்பு சமமாகிவிட்டது, மீதி ஐந்து சும்மா வந்தது. விளையாட்டுச் சேனல் தனியாகவே 19.

இப்படிக் கலந்து எடுத்தால் 50, 19, 24, 19 சேர்ந்து 112 ரூபாய். என்.சி.எஃப். 130 சேர்த்தால் 242. வரி 43 ரூபாய் 56 காசு. மொத்தம் 285 ரூபாய் 56 காசு. பழைய பேக்கைவிட 33 ரூபாய் 4 காசு குறைவு. கிரிக்கெட் இல்லாத மாதத்தில் விளையாட்டுச் சேனலை எடுத்துவிட்டால் 263 ரூபாய் 14 காசுதான்.

உங்கள் ரெடிமேட் பேக் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. 112-க்கும் 140-க்கும் நடுவே 28 ரூபாய்தான் இடைவெளி. என் மனைவி இரண்டாவது நிறுவனத்தின் 12 ரூபாய்ப் படச் சேனலையும் கேட்டிருந்தால் தனித்தனியாக 31, தொகுப்பு 32. ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத் தொகுப்பையே வாங்கியிருப்பேன், கணக்கு 125 ஆகியிருக்கும். அதற்கு மேல் 15 ரூபாய்க்கு ஏதாவது கேட்டால் உங்கள் பேக்கும் என் பேக்கும் ஒரே விலை. எல்லா நிறுவனத்திலும் நாலைந்து சேனல் பார்க்கிற வீட்டுக்கு உங்கள் பேக்தான் மலிவு. எங்கள் வீடு அப்படி இல்லை.

இனி புகாருக்கு வருகிறேன்.

மாற்றுவதற்கு முன்னால் உங்கள் இலவச எண்ணைக் கூப்பிட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், கஸ்டம் போட்டா 285 ரூபாய் வரும் சார். இப்ப உங்க பேக் 270 தான். எதுக்கு சார் மாத்துறீங்க?" என்றார். மாதாமாதம் 318 ரூபாய் 60 காசு கழிகிறதே, 270 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, "அது டாக்ஸ் இல்லாம சார்" என்றார். 285 வரியோடு, 270 வரி இல்லாமல். எங்கள் மண்டியில் ஒரு மூட்டையைச் சாக்கோடு நிறுத்தி, அடுத்த மூட்டையைச் சாக்கைக் கழித்து நிறுத்தினால் வியாபாரி தராசை விட்டு நகரமாட்டார். நோட்டில் எழுதிவைக்காத எத்தனை பேர் அந்த இரண்டு எண்களைக் கேட்டுவிட்டு "சரி, இருக்கட்டும்" என்று போனை வைத்திருப்பார்களோ தெரியவில்லை.

நான் வைக்கவில்லை. உங்கள் செயலியிலேயே சேனல்களைத் தேர்ந்தேன். கடைசித் திரையில் 285.56 என்றுதான் காட்டியது, அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். ஒப்புதல் கொடுத்தேன். கணக்கிலிருந்து கழிந்தது 320 ரூபாய் 96 காசு. அடுத்த மாதமும் அதே 320.96. விட்ட பேக்கைவிட 2 ரூபாய் 36 காசு அதிகம்!

ரசீதில் "மாதாந்திரக் கட்டணம்" என்று ஒரே ஒரு வரி. வேறு வழியில்லாமல் பின்னாலிருந்து போனேன். 320.96-ஐ 1.18-ஆல் வகுத்தால் 272. அதில் சேனல் விலை 112-ஐக் கழித்தால் மிஞ்சுவது 160. சேனல் விலையில் ஒரு பைசா மாறவில்லை, என்.சி.எஃப்.தான் 130-லிருந்து 160 ஆகியிருக்கிறது. மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை ஒரு அம்மா பேசினார். "ரெடிமேட் பேக்குக்குத்தான் சார் 130. சொந்தமா எடுத்தா 160. சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றார்.

2024 ஜூலையில் டிராய் என்.சி.எஃப். உச்சவரம்பை எடுத்துவிட்டது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் 200 சேனல் வரை 130-க்கு மேல் வாங்கக்கூடாது, அதைத் தாண்டினால் 160 வரை வாங்கலாம் என்று இருந்தது. இப்போது ஊருக்கு ஒரு கட்டணம், வாடிக்கையாளர் வகைக்கு ஒரு கட்டணம் என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே திருத்தம், எந்தக் கட்டணமானாலும் இணையதளத்தில் வெளியிட வேண்டும், வாடிக்கையாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் தளத்தின் கட்டணப் பக்கத்தில் இன்றைக்கும் 130 என்று ஒரே எண்தான் இருக்கிறது. என் போனுக்கு எஸ்.எம்.எஸ். எதுவும் வரவில்லை. நான் ஒப்புதல் கொடுத்த திரையும் 130 வைத்துத்தான் கூட்டியிருக்கிறது.

சொந்தமாகப் பேக் போடுகிறவருக்கு மட்டும் 30 ரூபாய் கூடுதல் என்றால், வரியோடு அது 35 ரூபாய் 40 காசு. எனக்கு மிச்சமாக வேண்டியிருந்த 33 ரூபாய் 4 காசை அது அப்படியே விழுங்கிவிட்டது. இது தற்செயலாக அமைந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டுப் பார்த்தால் நல்லது.

நான் கேட்பது இவைதான். செயலி காட்டிய 285 ரூபாய் 56 காசையே வாங்க வேண்டும். இரண்டு மாதத்துக்கும் கூடுதலாகக் கழித்த 70 ரூபாய் 80 காசை என் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். 160 ரூபாய்தான் உங்கள் கட்டணம் என்றால், அது எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில் வெளியானது என்று எழுத்தில் காட்டுங்கள். பார்த்துவிட்டு இருப்பதா, பழைய பேக்குக்குத் திரும்புவதா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். இனி வரும் ரசீதில் சேனல் விலை, என்.சி.எஃப்., வரி மூன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும். அப்புறம், போனில் பேசுகிறவர்களிடம் இரண்டு விலையையும் வரியோடு சொல்லச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டையும் வரி இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள்.

செயலியின் கடைசித் திரைப் படம், இரண்டு மாத ரசீது, என் நோட்டின் இரண்டு பக்கம் ஆகியவற்றின் நகலை இணைத்திருக்கிறேன். நோட்டில் பென்சிலால் போட்ட கோடுகள் பையனுடையவை, கார்ட்டூனுக்கு அவன் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருக்கிறான். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சேரன்மகாதேவி.