எழுதுவினைஞர் எப்போது ஒன்றைக் கூட்டுகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு கல்வி இணைப்பில் புரோசசர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இலக்கமிட்ட அறிவுறுத்தல்களை வரிசையாகச் செய்யும் எழுதுவினைஞர் ஒருவரை வைத்து விளக்கியிருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: "அறிவுறுத்தலின் பொருளைப் புரிந்துகொண்டு, அதைச் செய்து முடித்த பின்னர், எழுதுவினைஞர் தன் இலக்கத்துடன் ஒன்றைக் கூட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார்." இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையின் எழுதுவினைஞரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய அலுமாரியில் 00 முதல் 99 வரை இலக்கமிட்ட நூறு தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு மூன்று இலக்க எண். மேசையில் மூன்று துண்டுக் கடதாசிகள். முதலாவது செய்நிரல் எண்ணி. எந்தத் தட்டைத் திறக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். இரண்டாவது அறிவுறுத்தல் பதிவேடு; தட்டிலிருந்து பிரதி எடுத்த எண் அதில். மூன்றாவது திரட்டி; கணக்கின் தொகை அதில். அறிவுறுத்தலின் முதல் இலக்கம் செய்ய வேண்டிய வேலை, மற்ற இரண்டும் தட்டு. 1 என்றால் தட்டிலுள்ள எண்ணைத் திரட்டிக்கு எடு, 2 கூட்டு, 3 திரட்டியிலுள்ளதைத் தட்டில் வை, 5 அந்தத் தட்டுக்குத் தாவு, 9 நிறுத்து.

இரண்டு தொகைகளைக் கூட்டும் வேலை இது:

```
00  104
01  205
02  306
03  900
04  250
05  310
06  000
```

எண்ணியில் 00 இருக்கிறது. எழுதுவினைஞர் 00ஆம் தட்டிலுள்ள 104ஐ அறிவுறுத்தல் பதிவேட்டில் பிரதி எடுக்கிறார். உடனே, அந்த 104 என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, எண்ணியை 01 ஆக்கிவிடுகிறார். இவ்வளவும் சேர்ந்ததுதான் எடுத்துவரல். அடுத்தது குறிவிலக்கல்: 1 ஒரு பக்கம், 04 மறுபக்கம் என்று பிரிக்கிறார். கடைசியாக நிறைவேற்றல்: 04ஆம் தட்டிலுள்ள 250 திரட்டிக்கு வருகிறது. இதேபோல் 205 வந்து திரட்டி 560 ஆகிறது. 306 அதை 06ஆம் தட்டில் வைக்கிறது. 900 வந்ததும் வேலை நிற்கிறது. நிற்கும்போது எண்ணியில் 03 அல்ல, 04 இருக்கும்.

இப்படி நேராகப் போகும் செய்நிரலில் கூட்டலை முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் விடை 560தான். அதனால்தான் கட்டுரையின் பிழை யாருடைய கண்ணிலும் படவில்லை. தாவல் வந்தால் அது வெளிப்பட்டுவிடும். 507 என்ற அறிவுறுத்தலை எடுங்கள். அதை நிறைவேற்றுவது என்றால் எண்ணியில் 07 என்று எழுதுவது, அவ்வளவுதான். ஒன்று ஏற்கெனவே கூட்டப்பட்டிருந்தால் அடுத்து 07ஆம் தட்டு திறக்கும். உங்கள் கட்டுரை சொல்வதுபோல் செய்து முடித்த பின்னர் கூட்டினால் 07 உடனே 08 ஆகிவிடும். போக வேண்டிய அறிவுறுத்தல் செய்யப்படாமலே தவறிப்போகும்.

வேறு ஒழுங்கே இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. மஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948 ஜூன் 21ஆம் திகதி தன் முதல் செய்நிரலை ஓட்டிய சிறிய கணினியில், எடுத்துவருவதற்கு முன்பே எண்ணி கூட்டப்பட்டது. ஆகையால் 7ஆம் வரிக்குத் தாவ வேண்டுமானால் அங்கே 6 என்ற எண்ணை வைத்தார்கள். ஒழுங்கை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். உங்கள் கட்டுரை ஒழுங்கை மாற்றிவிட்டு, தாவலுக்கு 7 என்றே உதாரணம் கொடுத்திருக்கிறது.

இது பழங்கதை என்று கட்டுரையாளர் நினைக்கக்கூடும். இன்று நம் மேசைகளில் இருக்கும் இன்டெல் வகை புரோசசர்களில், தான் நிற்கும் இடத்துக்கே திரும்பத் தாவும் அறிவுறுத்தல் இரண்டு பைட் நீளம்:

```
EB FE
```

EB என்பது குறுந்தாவல். FE என்பது எத்தனை பைட் நகர வேண்டும் என்பது. அதன் பெறுமதி −2. தன்னிடமே திரும்புவதற்கு ஏன் இரண்டு பைட் பின்னால் போக வேண்டும்? தாவலை நிறைவேற்றும்போது தூரம் அடுத்த அறிவுறுத்தலின் முகவரியிலிருந்து அளக்கப்படுகிறது. தாவலின் சொந்த முகவரியிலிருந்தே அளந்து, பிறகு ஒன்றும் கூட்டாமல் விட்டிருந்தால் அங்கே சுழியம் இருந்திருக்கும்.

இரண்டாவது பிழை, எழுதுவினைஞர் பொருளைப் புரிந்துகொள்கிறார் என்பது. அவர் இலக்கங்களைப் பிரித்துப் பார்க்கிறார், வேறொன்றும் இல்லை. தட்டில் இருப்பது அறிவுறுத்தலா தொகையா என்றுகூட அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழையை வைத்தே இதைக் காட்டலாம். நிறுத்து என்ற 900ஐ மறந்து, தொகைகளை 03ஆம் தட்டிலிருந்து வைத்துவிடுகிறார்கள்:

```
00  103
01  204
02  305
03  250
04  310
05  000
```

02 வரை எல்லாம் சரி. 05ஆம் தட்டில் 560 வந்துவிட்டது. ஆனால் எண்ணி 03ஐக் காட்டுகிறது. எழுதுவினைஞர் 250ஐ எடுத்து, 50ஆம் தட்டிலுள்ளதைத் திரட்டியுடன் கூட்டுகிறார். பிறகு 310, திரட்டியை 10ஆம் தட்டில் வைக்கிறார், அங்கிருந்தது அழிந்துபோகிறது. அடுத்தது 05. அதில் அவரே எழுதி வைத்த விடையான 560 இருக்கிறது. அதை 60ஆம் தட்டுக்குத் தாவு என்று பிரித்து அங்கே போய்விடுகிறார். விடை சரியாக வந்த பின்னரும் செய்நிரல் கண்டபடி ஓடுவது இப்படித்தான். பொருள் புரிந்த எழுதுவினைஞர் என்றால் 03இலேயே நின்று "இது பணத்தொகை ஐயா" என்று சொல்லியிருப்பார். அவர் புரிந்துகொள்கிறார் என்று படித்த பிள்ளைக்கு இந்தக் கோளாற்றின் காரணம் ஒருநாளும் பிடிபடாது.

மன்னிக்க வேண்டும், இது முதல் தடவையல்ல. முன்பு ஒரு மாதிரி வினாத்தாளில், அறிவுறுத்தல் பதிவேட்டில் அடுத்த அறிவுறுத்தலின் முகவரி இருக்கும் என்று விடை போட்டிருந்தீர்கள். அது எண்ணியின் வேலை. இன்னொரு வாரம், 3 கிகாஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 300 கோடி அறிவுறுத்தல்கள் என்று வந்தது. 300 கோடி என்பது கடிகாரத் துடிப்புகள். எளிய அறிவுறுத்தல்கள் ஒரு துடிப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவை முடியலாம். பிரதான நினைவகத்துக்குப் போய்க் காத்திருக்கும் ஒன்று நூறு துடிப்புகளுக்கு மேல் எடுக்கலாம். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். திருத்தமும் வரவில்லை, கிடைத்தது என்று ஒரு வரியும் வரவில்லை. ஓர் அரசியல்வாதியின் பெயரில் எழுத்துப்பிழை வந்தால் மறுநாளே முதற்பக்கத்தில் வருத்தம் தெரிவிக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் பிழையான பாடம் போனால் அதற்கு இரண்டு வரி ஒதுக்க முடியாதா? தமிழ்மூலத்தில் இந்தப் பாடத்துக்கு நல்ல புத்தகங்கள் எவ்வளவு அரிது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் இணைப்பை நம்பித்தான் வீட்டில் வாங்குகிறார்கள்.

நான் கேட்பது சிறிய காரியம். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், எண்ணியில் ஒன்று கூட்டப்படுவது எடுத்துவரும்போதே, நிறைவேற்றுவதற்கு முன்னர் என்று ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு வந்த படத்தில் "ஒன்றைக் கூட்டு" என்ற பெட்டியை மூன்றாம் இடத்திலிருந்து எடுத்து முதற்பெட்டிக்குள் வைத்து மறுபடி அச்சிடுங்கள். பிள்ளைகள் கொப்பியில் பழையதன் மேல் ஒட்டிக்கொள்ளும்படி அதே அளவில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உயர்தரத் தகவல் தொழினுட்ப ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06