புர்ஜ் கலீஃபாவும் ஒரு செய்தித்தாளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில் இப்படி ஒரு வரி வந்திருந்தது: “கையில் இருக்கும் இந்தச் செய்தித்தாளையே 23 முறை மடித்தால் துபாயின் புர்ஜ் கலீஃபா உயரத்தைத் தாண்டிவிடும், செய்துதான் பாருங்களேன்!” கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தீர்கள். அந்த வரியை எழுதியவர் ஒரு தாளை எடுத்து எட்டாவது மடிப்பு வரையாவது போய்ப் பார்த்திருந்தால் அந்தக் குறி தானாகவே கேள்விக்குறியாகியிருக்கும்.

கணக்கு முழுவதும் தவறு என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் தடிமன் இரட்டிக்கிறது. 23 மடிப்பில் 83,88,608 அடுக்குகள். தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் 838.9 மீட்டர் வருகிறது, கட்டடமோ 828 மீட்டர். 22-ஆவது மடிப்பில் பாதிக் கட்டடம் வரைதான், 419 மீட்டர், வந்திருப்போம். மீதிப் பாதியை ஒரே மடிப்பு ஏற்றிவிடுகிறது. இவ்வளவும் சரி.

ஆனால் அந்த 0.1 எங்கிருந்து வந்தது? 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறத்தாழ அவ்வளவு. நீங்கள் அச்சடிப்பது செய்தித்தாள். 45 ஜிஎஸ்எம் நியூஸ்பிரின்ட் 0.07 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். அதை 23 முறை மடித்தால் 587 மீட்டர்தான். கட்டடத்தின் மேல்பாகம் முழுக்க வெளியே தெரியும். 24-ஆவது மடிப்பு வேண்டும், அப்போது 1,174 மீட்டர். தினமும் டன் கணக்கில் அந்தத் தாளை வாங்கும் நிறுவனத்துக்கு அதன் தடிமனைச் சொல்ல ஒரு வாசகன் கடிதம் போட வேண்டியிருக்கிறது.

ஜெராக்ஸ் தாளானாலும் கண்ணை மூடிக்கொண்டு 23 என்று சொல்லிவிட முடியாது. 828 மீட்டரை 83,88,608 ஆல் வகுத்தால் 0.0987 மில்லிமீட்டர் வரும். தாள் அதைவிட ஒரு இம்மி மெலிந்தாலும் 23 போதாது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். பிரிக்காத 500 தாள் ரீமை மேசையில் வைத்து, மேலே ஒரு கனமான பலகையை அழுத்திப் பிடித்து, உயரத்தை அளந்து 500 ஆல் வகுக்க வேண்டும். அழுத்தாமல் அளந்தால் இடையிலிருக்கும் காற்றையும் சேர்த்து அளந்ததாகிவிடும். 50 மில்லிமீட்டர் இருந்தால் 23 மடிப்பு. 49 இருந்தால் தாள் 0.098. அப்போது 822 மீட்டர் வரும், ஆறு மீட்டர் குறையும், 24-க்குப் போக வேண்டும். ரீமில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் விடையே மாறுகிறது. உங்கள் புதிரில் இருந்த சுவையான இடம் இதுதான். அதைத்தான் விட்டுவிட்டீர்கள்.

இன்னொரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. முன்பு ஒரு கட்டுரையில் “70 ஜிஎஸ்எம் தடிமனுள்ள தாள்” என்று போட்டீர்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை, தடிமன் அல்ல. 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரும் 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளும் விரலுக்குக் கிட்டத்தட்ட ஒரே தடிமனாகத்தான் படும். அப்போது எழுதிய கடிதம் வெளிவரவில்லை. இடப்பற்றாக்குறை இருந்திருக்கும். அதற்கும் முன்னால் “50 முறை மடித்தால் நிலவு” என்று ஒரு பெட்டிச் செய்தி. நிலவுக்கு 42 மடிப்பே போதும். 50 என்றால் 11 கோடி கிலோமீட்டருக்கும் மேல், சூரியனுக்கு முக்கால் வழி போயிருப்போம். நிலவு எப்போதோ பின்னால் போய்விட்டது, உங்கள் திருத்தம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இனி அந்தச் “செய்துதான் பாருங்களேன்”. அச்சகத்தில் ஃபாரம், அதாவது புத்தகப் பக்கங்கள் அச்சான பெரிய தாள், மடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது எரிச்சலூட்டும் வரி. மூன்று மடிப்பில் 16 பக்கம், நான்கு மடிப்பில் 32 பக்கம். கனமான தாளில் நான்காவது மடிப்பே முரண்டு பிடிக்கும். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் மூலையில் சுருக்கம் விழும், உள்பக்கங்கள் பிதுங்கி வெளியே தள்ளும். முந்தைய மடிப்பில் துளைக்கோடு போட்டுக் காற்றை விட்டால்தான் சமாளிக்க முடியும். நாலுக்கே இந்தப் பாடு.

ஒரு ஏ4 தாளை எடுங்கள், 297-க்கு 210 மில்லிமீட்டர். நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஆறு மடிப்பு போட்டால் 37-க்கு 26 மில்லிமீட்டர் துண்டு மிஞ்சும், 64 அடுக்கு, 6.4 மில்லிமீட்டர் தடிமன். ஏழாவதாக மடிக்கும்போது வெளித்தாள் அந்தத் தடிமனைச் சுற்றி அரைவட்டமாக வளைந்தாக வேண்டும். அந்த வளைவுக்கு மட்டும் 20 மில்லிமீட்டர் போகும். இருக்கும் 37-ல் மிச்சம் 17, அதாவது பக்கத்துக்கு எட்டரை. பல்லைக் கடித்து அழுத்தினால் முடியலாம். எட்டாவதில் தடிமன் 12.8, வளைவுக்குத் தேவை 40, கையில் இருப்பதோ 26. கையில் பலம் இல்லாததால் அல்ல, வளைவதற்குத் தாளே இல்லாததால்தான் மடிப்பு நின்றுபோகிறது.

பெரிய தாள் எடுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்க மாணவி 2002 ஜனவரியில் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளக் கழிப்பறைக் காகிதத்தை ஒரே திசையில் 12 முறை மடித்துக் காட்டினார். அதற்கு முன்பே, ஒரே திசையில் மடிக்க எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்குச் சூத்திரமும் கண்டுபிடித்திருந்தார்:

L = (πt/6)(2ⁿ + 4)(2ⁿ − 1)

இதில் t தாளின் தடிமன், n மடிப்பின் எண்ணிக்கை. 0.1 மில்லிமீட்டர் தாளுக்கு n-ஐ 23 என்று போடுங்கள். குறைந்தது 36.8 லட்சம் கிலோமீட்டர் நீளத் தாள் வேண்டும். நிலவு இருக்கும் தூரத்தைப்போல் ஒன்பதரை மடங்கு. உங்கள் சிறுவர் பக்கம் அவ்வளவு நீளத்தில் வருவதாகத் தெரியவில்லை.

மடிக்காமல் பாதி பாதியாக வெட்டி அடுக்கலாம் என்று யாராவது புத்திசாலித்தனமாகச் சொல்வார். ஏ4 தாளை 23 முறை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 0.07-க்கு 0.10 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். தாளின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு. ஐந்து கிராம் எடையில், முடியளவு அகலத்தில், 839 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம். மூச்சு விடாமல் கட்டுங்கள்.

பிள்ளைகளுக்குப் புதிர் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், “தாள் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, காகிதத்தில் மட்டும் போட்ட கணக்கு” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். திருத்தங்களை வழக்கம்போல 11-ஆம் பக்கத்தின் அடியில், வரி விளம்பரத்துக்கும் கீழே போட்டுவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சகப் பைண்டிங் தொழிலாளி ஒருவர்,
சிவகாசி