அடிப்பிரதட்சிணம் போகும் கல்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள கோயில் நிர்வாகத்தாருக்கும், சித்திரையில் தண்ணீர்ப் பந்தல் போடும் மண்டகப்படிக்காரர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு கிளினிக்கில் சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் அறைக்கு ஒரு வகைக் கால் வர ஆரம்பிக்கும். முள் குத்தியதும் இல்லை, செருப்பு கடித்ததும் இல்லை. இரண்டு உள்ளங்காலிலும் ஒரே மாதிரி கொப்புளம். கட்டைவிரல் சதையில் ஒன்று, விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் ஒன்று, குதிகாலில் ஒன்று. நடுவில் இருக்கும் வளைவு மட்டும் தப்பித்திருக்கும், அது தரையில் படுவதில்லையே. அப்படி ஒரு கால் வந்தால் "எந்தக் கோயிலுக்குப் போனீங்க?" என்றுதான் முதலில் கேட்போம்.

போன வருஷம் வந்த ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். கோயில் பெயர் வேண்டாம், ஏனென்றால் இது எந்தக் கோயிலிலும் நடக்கக்கூடியது. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம், வயது அறுபத்து இரண்டு, சர்க்கரை வந்து பதினான்கு வருஷம். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று பதினொரு வெள்ளி அடிப்பிரதட்சிணம் வருவதாக நேர்ந்திருக்கிறார். அன்று நான்காவது வெள்ளி. பஸ் கிடைத்து வந்து சேரவே பதினொரு மணி ஆகிவிட்டது. நடை சாத்துவதற்குள் முடித்துவிடலாம் என்று வெளிப் பிரகாரத்தில் தொடங்கியிருக்கிறார்.

அடிப்பிரதட்சிணத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு குதிகாலை அடுத்த காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நடக்கும்போது ஒரு அடிக்கு ஒன்பது அங்குலம்தான் நகரும். நூற்றைம்பது மீட்டர் சுற்றளவு உள்ள பிரகாரம் என்றால் அறுநூற்றைம்பது அடி எடுத்து வைக்க வேண்டும். அடிக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதே பிரகாரத்தை மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் சுற்றி வந்துவிடுவார்கள், கல் சுட்டால் ஓடியும் விடுவார்கள். இந்த அம்மாவின் பாதம் கல்லைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சித்திரை வெயிலில் கிடக்கும் கருங்கல் 55 டிகிரியைத் தொடுவது சாதாரணம், தார் அதையும் தாண்டும். 60 டிகிரியில் மெல்லிய தோல் சில விநாடியில் வெந்துவிடும், 50 டிகிரியில் சில நிமிஷம் ஆகும். உள்ளங்கால் தோல் தடிமன் என்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் இருபது நிமிஷம் தாங்காது. மதில் ஓரமாகப் போகலாமே என்பீர்கள். ஏப்ரல் நடுவில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது, நண்பகலில் மதில் ஓரத்தில் நிழலே இருக்காது.

"சுடலையாம்மா?" என்று கேட்டேன். "கொஞ்சம் கதகதன்னு இருந்துச்சு தாயி, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. பல வருஷம் சர்க்கரை இருந்தால் காலின் நரம்பு மரத்துப்போகும். சூடும் வலியும் தெரிவதில்லை. நமக்குக் கல் சுட்டதும் கால் தானாக எகிறும். அவருக்கு எகிறவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பக்தி என்று நினைப்பார்கள். நீங்களும் நினைத்திருப்பீர்கள், நானும் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன்.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது பேரன். சாயங்காலம் சிமெண்ட் தரையில் பாட்டி நடந்த இடமெல்லாம் ஈரத்தடம். கொப்புளம் உடைந்து நீர் கசிந்திருக்கிறது. வீட்டுக்காரர் பற்பசையை அப்பி, மேலே பஞ்சை வைத்துக் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது பஞ்சு புண்ணோடு பிடித்துப் போயிருந்தது. அதை நனைத்து நனைத்துப் பிரிக்க முக்கால் மணி நேரம். இடது குதிகாலில் தோல் வெள்ளையாக, தடித்த காகிதம் மாதிரி கிடந்தது, தொட்டாலும் வலிக்கவில்லை. வலிக்காத வெள்ளைத் தீப்புண் ஆழமானது. சிவந்து வலிக்கிற புண் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அந்தக் குதிகால் மூட மூன்று மாதம் ஆனது.

அந்த அம்மா கோயிலைவிட்டு வெளியே வரும்போதே யாராவது உட்காரவைத்துக் காலில் தண்ணீர் விட்டிருந்தால் இவ்வளவு ஆழம் போயிருக்காது. இதை உங்களிடம் எழுதுவதற்குக் காரணம், அந்தத் தண்ணீர் உங்கள் கையில்தான் இருக்கிறது. மோர் கொடுக்கிறீர்கள், பானகம் கொடுக்கிறீர்கள். அழகருக்கே துருத்தியில் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிற ஊர் இது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கால் சுட்டவரை அதற்கு மேல் ஓர் அடிகூட நடக்கவிடாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். நடந்தால் கொப்புளத் தோல் உரிந்துவிடும். பெண்களுக்கு முதலில் மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிட வேண்டும், கால் வீங்கிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க முடியும். அப்புறம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை மெதுவாக உள்ளங்காலில் ஓடவிட வேண்டும், இருபது நிமிஷம். இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு "சரியாப் போச்சு" என்று அனுப்பினால் போதாது. தோலுக்கு மேலே சூடு போனாலும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு, ஆகவே பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்தவரும் குழாயடியில் உட்காரலாம்.

இதில் நம் ஊரில் ஒரு கோளாறு நடக்கும். மாடியில் கறுப்புத் தொட்டி, வெயிலில் ஓடும் குழாய். மதியம் திறந்தால் வருவது வெந்நீர். கையில் பிடித்துப் பார்த்து, சூடான தண்ணீர் போகும்வரை விட்டுவிட்டுத்தான் காலில் விட வேண்டும். இல்லையென்றால் நிழலில் வைத்த இருபது லிட்டர் கேன் மூன்று இருந்தால் ஒருவருக்குத் தாராளம். தண்ணீர் குறைவு என்றால் அகலமான டப்பில் காலை முக்கி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றலாம். பந்தலில் ஐஸ் பெட்டி இருக்கிறது என்று ஐஸை எடுத்து வைத்துவிடாதீர்கள். வெந்த தோலை ஐஸ் இன்னொரு முறை சேதப்படுத்தும், மரத்துப்போன காலில் அதுவும் தெரியாது.

தண்ணீருக்குப் பிறகு ஒன்றும் தடவ வேண்டாம். பற்பசை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், இட்லி மாவு, பேனா மை, எல்லாவற்றையும் நான் கழுவி எடுத்திருக்கிறேன். கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த வெள்ளை வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றி, காலை உயர்த்தி வைத்து அனுப்புங்கள். சர்க்கரைக்காரர், குழந்தை, கொப்புளம் வந்தவர், வெள்ளையாகவோ கருகியோ தோல் மாறியவர், இவர்கள் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். டிடி ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆனது என்று அங்கே கேட்பார்கள். பின்னால் சிவப்பு புறங்காலுக்கு ஏறினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

அழகர்கோயில் சாலையில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் தனி. இளகிய தார் உள்ளங்காலில் ஒட்டினால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். தண்ணீர் விட்டுத் தாரை ஆறவிடுங்கள், மீதியை ஆஸ்பத்திரியில் எண்ணெய் போட்டு இளக்கி எடுப்பார்கள். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வது சரி, தாரைவிட அந்தக் கோடு சூடு குறைவு.

இனி நிர்வாகத்தாருக்கு. நார் விரிப்பு போடுகிறீர்கள், வெள்ளைக் குளிர்ச்சிப் பெயிண்ட் அடிக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் விரிப்பு எங்கே முடிகிறது என்று ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நீங்களே நடந்து பாருங்கள். வாகனம் போவதற்காக ஒரு மூலையில் சுருட்டி வைத்திருப்பார்கள், திரும்பவும் விரித்திருக்க மாட்டார்கள். அந்த இருபது அடிதான் காலைப் பொசுக்கும். விரிப்பு ஈரமாக இருக்கும்வரைதான் முழுப் பலன், அரைமணிக்கு ஒருமுறையாவது நனைக்க ஆள் வேண்டும். வெறும் கல்லில் தண்ணீர் தெளிப்பது சில நிமிஷத்துக்குத்தான், வழுக்கவும் செய்யும். பெயிண்ட் மேல் கால்தூசி படிந்து பழுப்பேறிவிட்டால் அது வெயிலைத் திருப்பி அனுப்பாது, கழுவ வேண்டும் அல்லது மறுபடி அடிக்க வேண்டும்.

கல் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்கக் கொரோனா காலத்து நெற்றி வெப்பமானியை எடுக்காதீர்கள், அது உடம்புச் சூட்டுக்கானது, பலவும் அதற்கு மேல் காட்டாது. புறங்கையைக் கல்லில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் அங்கே யாரையும் நடக்கவிடக் கூடாது. இதைக் காவலுக்கு நிற்பவரே செய்யலாம். சர்க்கரைக்காரர் தானே பார்த்துக்கொள்வது சரிப்படாது, அவருடைய கையும் மரத்திருக்கலாம். சாயங்காலம் நடை திறந்ததும் வெயில் தாழ்ந்துவிட்டது என்று நம்பிவிடவும் கூடாது. மதியம் முழுக்கக் குடித்த சூட்டைக் கல் அப்போதும் விட்டிருக்காது.

என் முக்கியமான கோரிக்கை அடிப்பிரதட்சிணம் பற்றியது. பங்குனி முதல் ஆனி வரை அதைக் காலை ஒன்பதுக்கு முன்னும் இருட்டிய பின்னும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வந்தவரை உள் பிரகாரத்துக்கு, கூரையுள்ள கல்லுக்குத் திருப்பிவிடுங்கள். தடிமனான பருத்திக் காலுறை போட்டு வருகிறவரைத் தடுக்காதீர்கள். காலுறை உலர்ந்திருந்தால் ஓரளவு காக்கும், நனைந்தால் சூட்டை உள்ளே கடத்தும், அதனால் அதை மட்டும் நம்பியும் விடக் கூடாது. "சுகர் இருக்கா, கால் மரமரப்பா இருக்கா" என்று சீட்டு கொடுக்கும் இடத்திலேயே ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அந்த அம்மா போன மாதம் சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு வாங்க வந்திருந்தார். பேத்தி பிறந்து ஆறு மாதம் ஆகிறதாம். இன்னும் ஏழு வெள்ளி பாக்கி இருக்கிறது, எப்போது போகலாம் என்று கேட்டார். அதிகாலை ஐந்தரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்துக்குத் திருமங்கலத்திலிருந்து வர முதல் நாள் இரவே வந்து தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அப்படி வருகிறவர்கள் படுத்துக்கொள்ள ஒரு மண்டபத்தைத் திறந்துவிட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
கட்டுப் போடும் அறை நர்ஸ்,
மதுரை