கீபோர்டின் மேல் வரிசை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புது லேப்டாப் வாங்கியவர்களிடமிருந்து அல்சூர் கடைக்கு அடிக்கடி வரும் புகார்: "F2-ஐ அழுத்தினா ஃபைல் பேரு மாறல, ஸ்கிரீன் வெளிச்சந்தான் மாறுது." கீ கெட்டுப்போகவில்லை. லேப்டாப்பில் F1 முதல் F12 வரை ஒவ்வொரு கீக்கும் இரண்டு வேலை. வெளிச்சம், சத்தம் போன்றவை முன்னால் நிற்கும்படி அமைத்துத்தான் பல மாடல்கள் வருகின்றன. Fn-ஐப் பிடித்துக்கொண்டு F2-ஐ அழுத்துங்கள். நிரந்தரமாக மாற்ற, பல மாடல்களில் Fn-உடன் Esc-ஐ ஒருமுறை அழுத்தினால் போதும். அதற்கும் மாறாவிட்டால் பயாஸில்தான் மாற்ற வேண்டும், எடுத்து வாருங்கள்.

பெயர் மாற்றும்போது F2 அழுத்தியதும் .jpg, .pdf போன்ற வால் பகுதியை விட்டுவிட்டுப் பெயர் மட்டும் நீலமாகும். அந்த வாலைத் தொடாதீர்கள், பிறகு ஃபைல் திறக்காது. ஒன்றை மாற்றிவிட்டு Enter-க்குப் பதில் Tab தட்டினால் அடுத்த ஃபைலுக்குத் தாவும். வேர்டில் திறந்திருக்கும் ஃபைலுக்குப் பெயர் மாறாது, முதலில் மூடுங்கள்.

பில் போடுகிறவர்களுக்கு F4 முக்கியம். எக்செலில் B2 முதல் B10 வரை விலை, E1-இல் 18% ஜிஎஸ்டி என்று வையுங்கள். C2-இல் இப்படி எழுதிக் கீழே இழுத்தால், முதல் வரி சரியாக வரும், மற்றதெல்லாம் பூஜ்யம்:

```
=B2*E1
```

இழுக்கும்போது E1-உம் E2, E3 என்று நகர்ந்து காலியான கட்டங்களைப் பிடிப்பதுதான் காரணம். எழுதும்போதே கர்சர் E1-இல் இருக்க F4 அழுத்துங்கள், டாலர் குறி பூட்டு போட்டுவிடும்:

```
=B2*$E$1
```

மறுபடி அழுத்தினால் E$1, பிறகு $E1, கடைசியில் பழையபடி E1. கை தவறி இரண்டு முறை அழுத்தியிருந்தால் மேலும் மூன்று முறை தட்டிப் பழைய பூட்டுக்கு வரலாம்.

F5 பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிக்கும். பழைய பக்கமே வந்து நின்றால் Ctrl-உடன் F5. பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்: விவரத்தை மீண்டும் அனுப்பவா என்று கேட்டால் மறுத்துவிட்டு, முதலில் கணக்கில் பணம் போய்விட்டதா என்று பாருங்கள். பவர்பாயிண்டில் அதே F5 ஸ்லைடு ஷோவை முதலிலிருந்து ஓட்டும். நிற்கும் இடத்திலிருந்து வேண்டுமானால் Shift-உடன்.

பிரவுசரில் மேல் பட்டை மொத்தமும் மறைந்தால் வைரஸ் இல்லை, யாரோ F11-ஐத் தொட்டிருக்கிறார்கள். Esc பெரும்பாலும் உதவாது, திரும்பவும் F11. எக்செலில் அதே கீ Chart1 என்று ஒரு புது ஷீட்டைக் கொண்டுவந்து நிறுத்தும், ரைட் கிளிக் செய்து நீக்கிவிடுங்கள். F7 வேர்டில் எழுத்துப்பிழை பார்க்கும், F12 வேறு பெயரில் சேமிக்கும். F1 உதவிப் பக்கத்தைத் திறப்பது, பெரும்பாலும் Esc-க்குப் போகும் விரல் தவறி விழுந்ததால்தான்!

வேர்டில் எங்கே கிளிக் செய்தாலும் எழுத்துகள் நீலமாகிக்கொண்டே போனால் F8 விழுந்திருக்கிறது. Esc அழுத்தினால் நின்றுவிடும்.

இப்படிக்கு,
கடை சர்வீஸ் பிரிவு, அல்சூர், பெங்களூரு