மல்லிகை விலையும் ஒரு போக்குக் கோடும்

ஆசிரியருக்கு,

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வரத்து கூடினால் விலை இறங்கும் என்று காட்ட, புள்ளி வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டு, அது புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லும் 0 முதல் 1 வரையிலான எண்ணை ஓரத்தில் R² என எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பேச்சுக்கு, மல்லிகை வரத்து 1, 2, 4, 5, 10 டன். கிலோ விலை முறையே 2000, 1000, 500, 400, 200 ரூபாய் என்று வைப்போம். எக்செல் தரும் கோடு y = -163.4x + 1539, R² 0.63. பார்க்க மோசமில்லை. ஆனால் 10 டன் வரும் நாளில் அந்தக் கோட்டின்படி கிலோ விலை மைனஸ் 95 ரூபாய்! பூவைக் கொடுத்துப் பணமும் கொடுக்கும் வியாபாரி மதுரையில் இல்லை.

காரணம், இந்தப் புள்ளிகள் வளைந்து போகின்றன. உண்மை விலையிலிருந்து கோட்டின் விலையைக் கழித்துப் பாருங்கள்: இரு முனைகளிலும் மிச்சம் கூட்டலாகவும், நடுவில் மூன்றும் கழித்தலாகவும் வரும். மிச்சம் இப்படி ஒழுங்காக வளைந்தால் நேர்கோடு தவறான தேர்வு, R² 0.9 ஆக இருந்தாலும் அப்படித்தான்.

'விலையில் 63 சதவீதத்தை வரத்தே தீர்மானிக்கிறது' என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. அச்சுகளை மாற்றிப் போட்டு, விலையைக் கொண்டு வரத்தைக் கணித்தாலும் நேர்கோட்டுக்கு அதே 0.63 தான் வரும். எது எதற்குக் காரணம் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. முகூர்த்த நாளா, மார்கழிப் பனியா என்பதும் வரைபடத்தில் இல்லை. புள்ளிகளுக்குத் தேதி போட்டு, முகூர்த்த நாட்களை வேறு நிறத்தில் காட்டினால் வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

— ஒரு புள்ளியியல் ஆசிரியர், மதுரை