34 என்ற எண்ணோடு திரும்பி வந்த இன்டர்ன்ஷிப் அறிக்கை: துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும், இன்டர்ன்ஷிப் மதிப்பீட்டுக் குழு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். முதல் முறை "34%. 15-க்குக் கீழே கொண்டுவரவும்" என்று ஒரு வரி. இரண்டாம் முறை "30%. இன்னும் குறைக்கவும்". என் எழுத்தில் எவ்வளவு வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று டர்னிட்டின் மென்பொருள் காட்டிய அளவு அது. இரண்டு தடவையும் எனக்குக் கிடைத்தது அந்த எண்ணைக் காட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். எந்தப் பக்கம், எந்த வரி, எதோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் டர்னிட்டின் ரிப்போர்ட்டை யாரும் தரவில்லை. அதை முழுதாகத் தாருங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

எங்கே தப்பு என்று தெரியாத நிலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மேற்கோள் குறிக்குள் இருந்ததையெல்லாம் சொந்த நடையில் மாற்றினேன். அதில் நான் பயிற்சி பெற்ற ஆலையின் பாதுகாப்பு நடைமுறையும் ஒன்று. இயந்திரத்தின் மூடியைத் திறக்கும் முன் ஐந்து படிகள்: இயந்திரத்தை நிறுத்து, மின் இணைப்பைத் துண்டி, துண்டித்த இடத்தில் உன் பூட்டைப் போடு, உன் பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிடு, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொள். நான் மாற்றி எழுதியது: "மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிப் பராமரிப்பைத் தொடங்கலாம்."

கையெழுத்துக்காகக் கொண்டுபோனபோது ஆலையின் மேற்பார்வையாளர் அந்த வரியில் பேனாவை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா இப்படி எழுதச் சொன்னது? பூட்டு எங்கே? அட்டை எங்கே? நீ உள்ளே கை வைத்திருக்கும்போது வேறொருத்தர் வந்து சுவிட்சைப் போட்டால்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 4 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்கு விலையாக, ஒரு மனிதரின் கையைக் காப்பாற்றும் மூன்று படிகளை அழித்திருந்தேன்.

கடைசியில் நூலகர் அம்மாதான் முதல் சமர்ப்பிப்பின் ரிப்போர்ட்டைத் திறந்து, நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒத்துப்போகும் வரிகளின் மேல் விழுந்திருந்த ஒவ்வொரு நிறமாகக் காட்டினார். என் அறிக்கை ஏறக்குறைய 9,000 சொற்கள். அதில் 34% என்றால் 3,000 சொற்களுக்கு மேல். அவை எங்கிருந்து வந்தன?

5% நீங்களே கொடுத்த முகப்புப் பக்கமும் உறுதிமொழியும் சான்றிதழும். எல்லா மாணவர்களும் ஒரே வாசகத்தைத்தான் வைக்கிறோம். 6% துணைநூற் பட்டியல். 3% "தரக் கட்டுப்பாட்டுத் துறையின் மேற்பார்வையில்" போல எவர் எழுதினாலும் வரும் துண்டுகள். 4% அந்தப் பாதுகாப்பு நடைமுறை. நான் ஒற்றை மேற்கோள் குறி போட்டிருந்தேன். அதை மென்பொருள் மேற்கோளாக எடுத்துக்கொள்வதில்லை, இரட்டைக் குறி வேண்டுமாம். இதை இந்த நான்கு வருடத்தில் எந்த வகுப்பிலும் நாங்கள் கேட்டதில்லை.

12% என்னுடைய எழுத்தேதான். இரண்டாம் அத்தியாயத்தின் வரைவைச் சரிபார்ப்பதற்காக வழிகாட்டி ஆசிரியர் தன் கணக்கில் ஏற்றினார். அப்போது டர்னிட்டின் களஞ்சியத்தில் சேமிக்க வேண்டாம் என்ற தெரிவு போடப்படவில்லை. ஆகவே அது "மாணவர் கட்டுரை" என்று அங்கே தங்கிவிட்டது. துறைக் கணக்கில் முழு அறிக்கை ஏறியபோது, நான் யாரோ ஒரு மாணவரிடமிருந்து ஓர் அத்தியாயத்தையே எடுத்ததாகக் காட்டியது.

மீதி 4%, அதாவது 360 சொற்கள், என் தவறு. நிறுவனத்தின் வரலாற்றை அதன் இணையதளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கத்திலிருந்து குறியும் இல்லாமல் மூலமும் சொல்லாமல் ஒட்டியிருந்தேன். இதை நான் மறைக்கவில்லை. ரிப்போர்ட் கையில் இருந்திருந்தால் முதல் நாளே அதைத் திருத்தியிருப்பேன். அது இல்லாததால், தொடவேண்டிய அந்த 360 சொற்களை விட்டுவிட்டு, தொடக்கூடாததைச் சிதைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கே பாதகமானாலும். மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம், ஆலை தந்த உள் கையேட்டிலிருந்து கிட்டத்தட்ட வரிக்கு வரி எழுதியது. அதில் ஒரு சொல்லின் மேல்கூட நிறம் விழவில்லை. காரணம் எளிது: தன்னிடம் உள்ள இணையப் பக்கங்கள், இதழ்கள், மாணவர் கட்டுரைகள் ஆகியவற்றோடுதான் மென்பொருள் ஒப்பிடும். பென் டிரைவில் வந்த கையேடு அதற்குத் தெரியாது. ஒத்துப்போகும் அளவைத்தான் காட்டுகிறோம், திருட்டா இல்லையா என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று டர்னிட்டின் நிறுவனமே சொல்கிறது. நடை திடீரென்று மாறுவதையும், மாணவருக்குத் தெரிய வழியில்லாத அளவுக் குறிப்புகள் மூலம் இல்லாமல் வருவதையும் படிக்கிற மனிதர்தான் பிடிக்க முடியும். எங்கள் அறிக்கைகளில் பக்க எண்ணும் ஓரத்து இடைவெளியும் பைண்டிங் நிறமும் சரிபார்க்கப்படுகின்றன. உள்ளே இருப்பதை யாராவது படிக்கிறார்களா? கோபத்தில் கேட்கிறேன், மன்னியுங்கள். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நிறுவன ஆவணங்களை எப்படிக் குறிப்பிடுவது என்றும் யாரும் சொல்லித் தரவில்லை. துறை கேட்பது ஏ.பி.ஏ. மேற்கோள் முறையின் 7-ஆம் பதிப்பு. அதன்படி, வாசகர் தேடிப் பெற முடியாத உள் ஆவணம் பட்டியலில் வராது. தந்தவரின் பெயரும் தேதியும் சேர்த்து, தனிப்பட்ட தொடர்பு என்று உரைக்குள்ளேயே குறிக்க வேண்டும். கையேட்டின் ஆவண எண்ணையும் திருத்த எண்ணையும் அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் ஆலைக்காரர் ஒருவர் சரிபார்க்கவும் முடியும். ஆனால் எங்களுக்குத் தந்த மாதிரிப் படிவத்தில் 'நிறுவனக் கோப்புகள்' என்று ஒற்றை வரிதான் இருக்கிறது.

இணையப் பக்கத்திலும் இதே குழப்பம். 'எங்களைப் பற்றி' பக்கத்தின் அடியில் © குறியோடு ஒரு வருடம் இருக்கும். பலரும் அதையே வெளியான வருடமாகப் போடுகிறோம். அது தளம் முழுவதற்குமான பதிப்புரிமை வருடம், அந்தப் பக்கம் எழுதப்பட்ட வருடம் அல்ல. பக்கத்தில் தேதி இல்லையென்றால் n.d. என்று போட்டு, அடிக்கடி மாறும் பக்கம் என்பதால் பார்த்த தேதியையும் முழு முகவரியையும் தர வேண்டும். நான் பார்த்த பக்கத்திலேயே ஊழியர் எண்ணிக்கை பயிற்சி முடிவதற்குள் மாறிவிட்டது. பார்த்த தேதி இல்லாவிட்டால் என் அறிக்கையில் உள்ள எண் பொய் என்றுதான் தோன்றும்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையோடும் டர்னிட்டின் ரிப்போர்ட்டை முழுதாகத் தாருங்கள். எண்ணைச் சொல்வதற்கு முன் படிவப் பக்கங்களையும் பட்டியலையும் மேற்கோள்களையும் விலக்கிவிட்டு ஒருவர் அதைப் படித்துப் பாருங்கள். வரைவுகளைக் களஞ்சியத்தில் சேமிக்காமல் ஏற்றுங்கள். எங்கள் அறிக்கைகளில் நிறுவனங்கள் நம்பித் தந்த விவரங்களும் இருக்கின்றன. உள் ஆவணங்களைக் குறிக்கும் முறையை மாதிரிப் படிவத்தில் ஒரு பக்கமாகச் சேருங்கள்.

என் அறிக்கையில் அந்த 360 சொற்களை நீக்கி, வரலாற்றை நானே எழுதி மூலம் காட்டிவிட்டேன். கையேட்டிலிருந்து எடுத்த இரண்டு பக்கத்தையும் சுருக்கி, யார் எப்போது தந்தது என்று குறித்திருக்கிறேன். பாதுகாப்பு நடைமுறையின் ஐந்து படிகளையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் பழையபடி வைத்திருக்கிறேன். அந்தப் பத்தியை மாற்றச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் இறுதியாண்டு மாணவி