சித்தியடைந்த மாணவி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாசகர்களைக் கொண்ட தங்கள் இதழில், ஈழத்துக் கட்டுரைகளில் வரும் சொற்களுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் தமிழ்நாட்டுச் சொல்லைத் தரும் வழக்கம் அண்மைக் காலமாக இருந்து வருகிறது. 'கதிரை' வந்தால் நாற்காலி, 'திகதி' வந்தால் தேதி. நோக்கம் நல்லதுதான். ஆனால் மெய்ப்புத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்த அடைப்புக்குறிகள் உதவி தேவைப்படாத இடங்களில் விழுந்து, தேவைப்படும் இடங்களைத் தவறவிடுகின்றன என்று சொல்ல விரும்புகிறேன்.

'கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்' என்று எழுதினால், அச்சொல்லை முன்பின் கேட்டிராதவருக்கும் அது உட்காரும் பொருள் என்று தெரிந்துவிடும். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த 'சப்பாத்து' என்ற சொல்லும் அப்படியே. 'வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு' என்றால் அதற்கு மேல் விளக்கம் எதற்கு? தெரியாத சொல் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். வாசகர் ஒரு கணம் நின்று ஊகித்துவிட்டு மேலே போவார். உண்மையான தொல்லை, இரு நாட்டவருக்கும் நன்கு தெரிந்து, ஆனால் இருவருக்கும் வேறு வேறு பொருள் தரும் சொற்களால்தான் வருகிறது. அங்கே வாசகர் நிற்பதே இல்லை, தவறான பொருளோடு நடந்துவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்க்கலாம். 'பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்த மாணவி' என்பது இலங்கையில் நாளேடுகளிலும் அரசு அறிவித்தல்களிலும் சாதாரணமாக வரும் தொடர். தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்ற மாணவி என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டு வாசகரின் கண்ணுக்கு 'தோற்றி' என்பது 'தோற்று' என்று பட்டு, மாணவி தோல்வியடைந்தாள் என்ற எண்ணத்தைத் தரும். அதை அடுத்து வரும் 'சித்தியடைந்த' என்பதோ அவர் துறவியரின் மறைவைக் குறிக்கக் கேட்ட சொல். பாவம், அந்தப் பெண் தேர்வில் தோற்று உயிரையே விட்டுவிட்டாள் என்று ஒருவர் எண்ணிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

உடனே 'தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்ற' என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. இலங்கைக் கல்வித் துறையில் 'தேர்ச்சி' என்பது ஒரு மாணவர் பெற வேண்டிய திறனைக் குறிக்கும் சொல். 'தேர்ச்சி மட்டம்' என்று பாடத்திட்டங்களிலேயே வருவது. 'தேர்வு' என்பதையும் தெரிந்தெடுத்தல் என்ற பொருளில் கொள்வோர் அங்கு உண்டு. ஆகவே இரு தரப்புச் சொற்களையும் விட்டுவிட்டு, இரு தரப்பாரும் பொதுவாக வைத்திருக்கும் கிடங்கில் தேட வேண்டியிருக்கிறது. 'பரீட்சை' தமிழ்நாட்டில் எழுத்து வழக்கில் அருகிவிட்டாலும் யாருக்கும் புரியாத சொல் அன்று. 'எழுதி' என்பதும் 'வெற்றி பெற்று' என்பதும் எல்லோருக்கும் ஒன்றே. 'பரீட்சை எழுதி வெற்றி பெற்ற மாணவி' என்றால் நான்கு நாடுகளிலும் யாரும் இடறமாட்டார்கள், எவருக்கும் அது அயலார் தமிழாகவும் படாது. தமிழ்நாட்டில் தனித்தமிழ் முயற்சியால் ஒதுங்கிய பல வடசொற்கள் இலங்கையில் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், பொதுச் சொல் தேடும்போது சற்றுப் பழைய சொல்லையே முதலில் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஆனால் இந்த முறை எப்போதும் செல்லாது. 'வைத்தியர்' பழைய சொல்தான். இலங்கையில் அது எந்த மருத்துவரையும் குறிக்கும். தமிழ்நாட்டிலோ நாட்டு மருந்து தருபவரை நினைவூட்டும். அதற்குப் பதிலாக 'மருத்துவர்' என்பதே எல்லோருக்கும் பொருந்தும். 'தாதி'யும் அவ்வாறே. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது மதிப்புள்ள பணிப்பெயர். தமிழ்நாட்டில் பணிப்பெண் என்ற பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால், செவிலியரை அப்படி அழைத்தால் முகம் சுளிப்பார்கள்.

உரையாடலில் பொதுச் சொல் தேடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் 'ஆறுதலாக வாங்கோ' என்றால், அதை 'மெதுவாக வாருங்கள்' என்று திருத்துவது அவர் வாயை அடைப்பதற்குச் சமம். அதே சமயம், 'ஆறுதல்' என்றால் துயரத்தில் தேற்றுவது என்று மட்டுமே அறிந்த வாசகரையும் கைவிட முடியாது. இதற்கு அடைப்புக்குறி வேண்டாம், அடுத்த தொடர் போதும். 'ஆறுதலாக வாங்கோ, பஸ் வர இன்னும் நேரம் இருக்கு' என்று பாட்டியே சொல்லிவிட்டால் பொருள் தானே தீர்ந்துவிடுகிறது. எழுதியவரைக் கேட்டால் இப்படி ஒரு தொடரைச் சேர்த்துத் தர அவர் மறுக்கமாட்டார். ஆசிரியர் குழுவே எழுதிச் சேர்ப்பதுதான் தவறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடைப்புக்குறி ஒரு பக்கமாகவே விழுகிறது. தமிழ்நாட்டுச் சொற்கள் பிறருக்கு இயல்பாகவே விளங்கும் என்று கருதப்படுவதாகத் தெரிகிறது. 'நேரம் கழித்து வீட்டுக்குப் போனேன், அப்பா பேசினார்' என்ற வரியில் தமிழ்நாட்டு எழுத்தாளர் அப்பா பரிவோடு உரையாடியதைச் சொல்லியிருக்கலாம். யாழ்ப்பாணத்து வாசகர் அப்பா நன்றாகத் திட்டினார் என்றே படிப்பார், ஏனெனில் அங்கே பேசுதலுக்கு ஏசுதல் என்ற பொருளும் உண்டு. உரையாடுவதற்குக் 'கதைத்தல்' இருக்கிறது. 'என்னோடு பேசினார்' என்று ஓர் உருபைச் சேர்த்தாலே குழப்பம் நீங்கிவிடும். தமிழ்நாட்டவர் வாகனத்துக்குச் சொல்லும் 'வண்டி' யாழ்ப்பாணப் பேச்சில் தொப்பையையும் குறிக்கும் என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

நிறுவனப் பெயர்களிலும் நாணயப் பெயர்களிலும் கை வைக்கலாகாது. 'பரீட்சைத் திணைக்களம்' என்பதைத் 'தேர்வுத் துறை' ஆக்கினால், அதைத் தேடிச் செல்பவருக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடைக்காது. சிங்கப்பூர்க் கட்டுரையில் 'வெள்ளி' என்று வரும்போது முதல் இடத்தில் மட்டும் 'சிங்கப்பூர் வெள்ளி' என்று எழுதினால், உலோகமோ கிழமையோ என்ற ஐயம் எழாது.

இவ்வகைச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கலாம். கட்டுரையை வேறு நாட்டு வாசகரிடம் கொடுத்துப் 'புரிகிறதா' என்று கேட்பதில் பயனில்லை. அவர் புரிகிறது என்றுதான் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மாறாக, ஐயத்துக்குரிய பத்தியை அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். மாணவி இறந்துவிட்டாள் என்றோ அப்பா திட்டினார் என்றோ அவர் சொல்லும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால், இதழ் அச்சுக்குப் போகும் முன் திருத்த வேண்டியவை எவை என்று தெரிந்துவிடும். அடுத்த இதழின் ஒரே ஒரு கட்டுரையில் மட்டும் அடைப்புக்குறிகளை நீக்கி, இம்முறையைச் சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்